சதைக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைப் பொட்டு: கோத்தகிரியிலிருந்து வந்த இரண்டு படங்கள்

ஆகஸ்ட் மாதம், ஒரு புதன்கிழமை மாலை. கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு தேயிலை எஸ்டேட்டின் லைன் வீடுகளில் நடந்த கண் பரிசோதனையிலிருந்து என் போனுக்குப் படம் வந்தது. வலது கண். மூக்குப் பக்கத்து வெள்ளை விழியிலிருந்து முக்கோணமாக ஒரு சதை கிளம்பி, கருவிழியின் மேல் இரண்டரை மில்லிமீட்டர் ஏறியிருந்தது. சதையின் நுனிக்கு முன்னால் சாம்பல் வெள்ளையாக ஒரு திட்டு. அதன் மேலேயே போனின் பிளாஷ் வெளிச்சம் பளீரென்று பட்டிருந்தது. கண்ணில் லேசான சிவப்பு.

கூட வந்த குறிப்பு சுருக்கமானது. ஆண், 54 வயது, கவாத்து வேலை. இரண்டு கண்ணிலும் 12 வருடமாகச் சதை. வலது கண் நான்கு நாளாக உறுத்தல், பார்வை 6/18. நல்ல கண் 18 மீட்டரிலிருந்து படிக்கும் எழுத்தை இவர் 6 மீட்டரில்தான் படிக்கிறார் என்று அர்த்தம்.

கோயம்புத்தூரில் வெளிநோயாளிகளைப் பார்த்து முடித்த களைப்பில் அதைத் திறந்தேன். "சதை கொஞ்சம் வீங்கியிருக்கிறது. செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு நாலு வேளை, வெயில் கண்ணாடி, ஒரு வாரம் கழித்து மறுபடி படம்" என்று பதில் அனுப்பினேன். அது தவறான பதில். அந்தக் கண்ணில் சதையும் இருந்தது, கருவிழிப் புண்ணும் இருந்தது. நான் பார்த்தது சதையை மட்டும். தவறு எங்கே நடந்தது, மறுநாள் காலையில் அது எப்படித் திருந்தியது என்பதைப் படங்களை வைத்துக் கடைசிவரை சொல்லிவிடுகிறேன். நோயாளியின் சம்மதத்தோடும், அடையாளம் தெரியாதபடியும் எழுதுகிறேன்.

முதலில் சொல் குழப்பம் ஒன்றைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். நாம் கருவிழி என்று சொல்லும்போது பலரும் நினைப்பது கண்ணின் நடுவில் தெரியும் பழுப்பு வட்டத்தை. அந்தப் பழுப்பு உள்ளே இருக்கும் திரை. அதற்கு முன்னால், கைக்கடிகாரத்தின் மேல் இருக்கும் கண்ணாடி மாதிரி, நிறமே இல்லாத ஒரு படலம் இருக்கிறது. டாக்டர்கள் கருவிழி என்பது அதைத்தான். அரை மில்லிமீட்டருக்குச் சற்றே கூடுதலான தடிமன். அதில் ரத்தக் குழாய் கிடையாது. அதனால்தான் கண்ணாடியாக இருக்கிறது. வெள்ளையாகவோ சிவப்பாகவோ எதுவும் அதன் மேல் தெரியக்கூடாது. தெரிந்தால், அது எங்கிருந்து வந்தது என்பதுதான் முதல் கேள்வி.

சதை வெளியிலிருந்து வருவது. வெள்ளை விழியை மூடியிருக்கும் மெல்லிய தோல் தடித்து, ரத்தக் குழாய்களையும் கூட்டிக்கொண்டு, விளிம்பைத் தாண்டிக் கருவிழிக்குள் நகர்கிறது. அகலமான பக்கம் கண்ணின் மூலையில், குறுகிய நுனி கண் பாப்பாவை நோக்கி. அதற்குள் ஓடும் குழாய்களெல்லாம் ஒரே திசையில், மூலையிலிருந்து நுனிக்கு, கிட்டத்தட்ட நேர்கோடாக இருக்கும். வருடக்கணக்கில் வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டு வருவது இது. மலையில் 1000 மீட்டர் ஏறினால் அந்தக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். கோத்தகிரி ஆயிரத்து எழுநூறு மீட்டருக்கு மேல் இருக்கிறது. குளிர் இருப்பதால் வெயில் உறைப்பது தெரியாது. தொப்பியும் கண்ணாடியும் இல்லாமல் முப்பது வருடம் தேயிலைக் காட்டில் நின்றவர்களின் கண்ணில் சதை இல்லாவிட்டால்தான் எனக்கு ஆச்சரியம். பக்கவாட்டில் விழும் வெளிச்சத்தைக் கருவிழியே ஒரு லென்ஸ் போலக் குவித்து எதிர்ப்பக்கத்து விளிம்பில், அதாவது மூக்குப் பக்கத்தில், சேர்க்கிறது. சதை பெரும்பாலும் மூக்குப் பக்கமே முளைப்பதற்குச் சொல்லப்படும் காரணம் இதுதான். கடிகார முள் கணக்கில் மூன்று மணி, ஒன்பது மணி இடங்களில் சதை வரும். ஆறு மணியிலோ பன்னிரண்டிலோ ஒன்று தெரிந்தால், அதைச் சதை என்று எழுதுவதற்கு முன் நிதானிக்க வேண்டும்.

புண் அப்படி இல்லை. கருவிழியின் மேல்தோல் உரிந்து, அந்த வழியாகக் கிருமி உள்ளே போய், அந்தக் கண்ணாடிக்குள்ளேயே உருவாகும் வெண்மை அது. மூலையிலிருந்து அதற்குப் பாதை இருக்காது. எங்கே அடி பட்டதோ அங்கே இருக்கும். அதற்குள் நேராக ஓடும் குழாய்கள் இருக்காது. சிவப்பு கருவிழியைச் சுற்றி ஒரு வளையமாகக் கட்டும். சதையின் சிவப்போ அந்தச் சதையோடு நின்றுவிடும். புண் முற்றினால் கருவிழிக்குப் பின்னால், அடியில், சீழ் ஒரு மட்டமாகத் தேங்கும். வலி, கூச்சம், நீர் வடிதல், பார்வை மங்கல் எல்லாம் நாள் கணக்கில் ஏறும். சதைக்குக் கணக்கு வருடத்தில், புண்ணுக்கு நாளில்.

இவ்வளவும் தெரிந்த நான் ஏன் தவறினேன்?

நுனிக்கு முன்னால் இருந்த சாம்பல் திட்டுதான் முதல் காரணம். வளரும் சதையின் தலைக்கு முன்னால் பிறை மாதிரி ஒரு சாம்பல் விளிம்பு இருப்பது வழக்கம். தொப்பி என்போம். ஆயிரம் கண்ணில் அதைப் பார்த்த பழக்கம், இங்கேயும் தொப்பிதான் என்று என்னை நினைக்க வைத்தது. அப்புறம் அந்த பிளாஷ். கருவிழி வளைந்த கண்ணாடி என்பதால் எதிரே வரும் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பி, படத்தில் ஒரு வெள்ளைப் பொட்டை உண்டாக்கும். இங்கே அந்தப் பொட்டு, திட்டின் பாதியை மறைத்துவிட்டது. மீதிப் பாதியின் ஓரம் எப்படி இருக்கிறது என்று பார்க்க வழியில்லை. பார்க்க முடியாத படத்தைத் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். நான் அனுப்பவில்லை.

மூன்றாவது காரணம் படத்தில் இல்லவே இல்லை. கவாத்து வெட்டும்போது ஒரு குச்சி தெறித்துக் கண்ணில் அடித்திருக்கிறது. அன்று ராத்திரி நந்தியாவட்டைப் பூவைக் கசக்கிப் பிழிந்திருக்கிறார்கள். அடுத்த நாள் மெடிக்கல் ஷாப்பில் "கண் சிவப்புக்கு" என்று கேட்டு ஒரு சொட்டு மருந்து வாங்கி, மூன்று நாள் விட்டிருக்கிறார். அதில் ஆன்டிபயாட்டிக்கோடு ஸ்டீராய்டும் கலந்திருந்தது. ஸ்டீராய்டு சிவப்பை அடக்கும், வலியைக் குறைக்கும். பூஞ்சைக்கு மட்டும் அது தீனி. உள்ளே புண் வளர, வெளியே கண் அமைதியாகத் தெரிந்தது. குறிப்பில் குச்சியும் இல்லை, சொட்டு மருந்தும் இல்லை. அவரிடம் "ஏதாவது மருந்து விட்டீங்களா?" என்று கேட்டதற்கு "இல்ல" என்றுதான் சொல்லியிருக்கிறார். சொட்டு மருந்தை அவர் மருந்துக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. மாத்திரையும் ஊசியும்தான் அவருக்கு மருந்து. இப்போதெல்லாம் "கண்ணுல என்னென்ன விட்டீங்க, பாட்டில எடுத்துட்டு வாங்க" என்று கேட்கச் சொல்கிறேன்.

இதைத் திருத்தியது படம் எடுத்த விஷன் சென்டர் பெண். இரண்டு வருடப் பயிற்சி முடித்த கண் உதவியாளர், வயது இருபத்து மூன்று. ராத்திரி பதிவேட்டில் எழுதும்போது அதே நபரின் பெயர் போன வருடப் பட்டியலிலும் இருப்பதைக் கவனித்து, பழைய படத்தைத் தேடி எடுத்து, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார். காலை ஏழே காலுக்கு போன் வந்தது.

"சார், சதை அப்படியேதான் இருக்கு. போன வருசமும் ரெண்டரை, இப்பவும் ரெண்டரை. ஆனா அந்த வெள்ளை போன வருசம் இல்ல சார். பார்வையும் அப்போ 6/9 இருந்துச்சு. அந்த அண்ணா வெளிச்சத்துல கண்ணைத் தொறக்கவே மாட்டேங்கிறாரு."

அவர் சொன்ன ஒவ்வொரு வாக்கியமும் ஒரு சான்று. சதை நகரவில்லையென்றால், பார்வை பட்டியலில் இரண்டு வரி இறங்கியதற்குச் சதை காரணமாக இருக்க முடியாது. சதை வளர்ந்தாலும், கருவிழியை இழுத்துக் கோணலாக்கி, பார்வையை மெல்ல மெல்லத்தான் குறைக்கும். கண்ணைத் திறக்கவே முடியாத கூச்சம் சதையின் குணமே அல்ல. சொட்டு மருந்து எதுவும் விடாமல் உடனே சென்டருக்கு வரச் சொல்லுங்கள், பக்க வெளிச்சத்தில் மறுபடி படம் எடுங்கள் என்றேன்.

இரண்டாவது முறை அவர் எடுத்த விதத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வித்தியாசம் முழுக்க அதில்தான் இருந்தது. போனின் பிளாஷை அணைத்துவிட்டார். டார்ச்சைக் கண்ணின் வெளி ஓரத்திலிருந்து, பக்கவாட்டில் சாய்வாகப் பிடித்தார். அப்போது வெளிச்சப் பொட்டு ஓரத்துக்கு ஒதுங்கிவிடும், மேடு பள்ளம் நிழல் விழுந்து தெரியும். ஒரே இடத்தை டார்ச்சை நகர்த்தி இரண்டு தடவை எடுத்தார். டார்ச்சோடு சேர்ந்து நகர்வது பிரதிபலிப்பு, நகராமல் நிற்பது கண்ணில் இருப்பது. போனை முகத்துக்கு ஒட்டிக் கொண்டுபோகாமல் ஒரு சாண் தள்ளி வைத்து, இரண்டு மடங்கு பெரிதாக்கி, திரையில் பழுப்புத் திரையின் மேல் விரலால் தொட்டு ஃபோகஸ் செய்தார். இல்லாவிட்டால் கேமரா கண்ணிமை முடியில் போய் நிற்கும். மேல் இமையை எலும்பின் மேல் வைத்து உயர்த்தினார், கண்ணை அழுத்தவில்லை. ஆழமான புண்ணாக இருந்தால் அழுத்தத்தில் கருவிழி ஓட்டையாகிவிடலாம். நேராக, மேலே, கீழே, இரண்டு பக்கமும் பார்க்கச் சொல்லி ஐந்து படம். எந்தக் கண் என்று ஒவ்வொன்றிலும் எழுதினார். செல்ஃபி கேமராவில் எடுத்தால் சில போன்களில் இடம் வலமாகிவிடும், மூக்குப் பக்கச் சதை காதுப் பக்கமாகத் தெரியும். அதனால் பின் கேமராதான். கடைசியாக, சுருங்கிப் போகாமல் இருக்க டாக்குமென்ட்டாக அனுப்பினார்.

பக்க வெளிச்சத்தில் எடுத்த படத்தைத் திறந்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. சதையின் நுனிக்கும் வெள்ளைத் திட்டுக்கும் நடுவில் அரை மில்லிமீட்டர் அளவுக்குத் தெளிவான கருவிழி ஒரு கோடாக ஓடியது. அந்தக் கோட்டின் வழியே பின்னால் இருக்கும் பழுப்புத் திரையின் இழைகள் துல்லியமாகத் தெரிந்தன. தொப்பி என்றால் சதையோடு ஒட்டியிருக்கும். இது ஒட்டவில்லை. சதையின் குழாய்கள் நுனியோடு நின்றுவிட்டன, ஒன்றுகூடத் திட்டுக்குள் போகவில்லை. திட்டின் ஓரம் வெட்டினாற்போல் இல்லாமல், ஈரத் தாளில் மை ஊறுவதுபோல் இழை இழையாகப் பிரிந்திருந்தது. அதற்கு ஒரு மில்லிமீட்டர் தள்ளிக் கடுகில் பாதி அளவுக்கு இன்னொரு வெள்ளைப் புள்ளி.

அப்போதும் ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது. சதை மேடாக இருப்பதால், இமை மூடித் திறக்கும்போது அதை ஒட்டிய இடத்தில் கண்ணீர் சரியாகப் பரவாது. அங்கே கருவிழி காய்ந்து ஒரு சிறு குழி விழுவது உண்டு. கிருமி இல்லாத குழி அது. சொட்டு மருந்து விட்டு ஈரமாக வைத்தாலே நிரம்பிவிடும். சதைக்குப் பக்கத்தில் ஏதாவது தெரிந்தால் அதையும் நினைக்க வேண்டும். இதைப் பிரித்துக் காட்டுவது ஃபுளூரசின் சாயம். சாயம் தடவிய காகிதத் துண்டை நனைத்துக் கீழ் இமையின் உள்ளே தொட்டு, நீல வெளிச்சத்தில் பார்த்தால், மேல்தோல் உரிந்த இடம் பச்சையாக ஒளிரும். சதையின் மேல் தோல் மூடியிருப்பதால் அது பச்சை பிடிக்காது. காய்ந்த குழியில் சாயம் தேங்கி நிற்கும், ஆனால் தோல் உரியாததால் இரண்டு மூன்று முறை இமைத்தால் பெரும்பாலும் கழுவிப் போய்விடும். இவருடைய கண்ணில் போகவில்லை. பச்சைத் திட்டு 2.2-க்கு 1.8 மில்லிமீட்டர் அளவில் நின்றது, அடியில் வெள்ளை. சதை அதன் பக்கத்தில் நிறமே மாறாமல் கிடந்தது. இரண்டு நோயும் ஒரே படத்தில் இவ்வளவு தெளிவாகப் பிரிந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கி, கோயம்புத்தூருக்கு மதியம் இரண்டு மணிக்கு வந்துவிட்டார். மனைவியும் வந்திருந்தார். "நாலு நாளா சொல்றேன் டாக்டர், சதைதான்னு இவரு கேக்கவே இல்ல" என்றார். இதே தவறை நானும் செய்தேன் என்று அந்த அம்மாவிடம் சொன்னேன், நேற்றைய பதிலையும் காட்டினேன்.

மரப்புச் சொட்டு விட்டு, ஸ்லிட் லாம்ப் என்ற கண் மைக்ராஸ்கோப்பில் வைத்து, புண்ணின் ஓரத்தையும் அடியையும் சிறு கத்தியால் சுரண்டினோம். ஒரு துளி 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில், இன்னொன்று பாக்டீரியாவைத் தேடும் கிராம் சாயச் சோதனைக்கு, மீதி வளர்ப்புத் தட்டுகளில். முதல் கண்ணாடித் தகட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்த சில நிமிடத்திலேயே குறுக்குச் சுவர் போட்ட பூஞ்சை இழைகள் தெரிந்தன. தட்டில் வளர்ந்த பிறகு அது ஃபியூசேரியம் என்று உறுதியானது. செடி, மண் பட்ட காயத்தில் நம் பக்கத்தில் அடிக்கடி அகப்படுவது இது. இந்த நோய் நம்மிடம் எவ்வளவு அதிகம் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. 1996-ல் வெளிவந்த மதுரை மாவட்ட ஆய்வின்படி, அங்கே வருடத்துக்கு லட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப் புண் வந்திருக்கிறது. அமெரிக்காவில் ஒரு பகுதியில் எடுத்த கணக்கில் அது 11.

மருந்து நாட்டமைசின் 5 சதவீதம். தென்னிந்தியாவில் நடந்து 2013-ல் முடிவு வெளியான பெரிய ஒப்பீட்டில், புதிய மருந்தான வோரிகோனசோலைவிட இந்தப் பழைய மருந்தே மேல் என்று தெரிந்தது, அதிலும் ஃபியூசேரியத்துக்கு வித்தியாசம் தூக்கலாக இருந்தது. முதல் வாரம் விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கொரு சொட்டு, அடுத்து இரண்டு மணிக்கொன்று. வலியைக் குறைக்கவும் கண் பாப்பாவை விரிக்கவும் வேறொரு சொட்டு. ஸ்டீராய்டு பாட்டிலை வாங்கி வைத்துக்கொண்டோம். ஒரு வாரம் வார்டில் இருந்தார். மணிக்கொரு தடவை மருந்து விடுவது, அதுவும் பக்கத்தில் ஒருவர் இல்லாமல், லைன் வீட்டில் நடக்காது.

வீட்டுக்குப் போன பிறகு மறுபடியும் படம்தான். பன்னிரண்டாம் நாள் வந்த படத்தில் வெள்ளை முன்பைவிடப் பெரிதாகத் தெரிந்தது. இந்தத் தடவை அவசரப்படவில்லை. நாட்டமைசின் பால் மாதிரி கலங்கலான மருந்து, குலுக்கித்தான் விட வேண்டும். அதன் வெள்ளைத் துகள் உரிந்த இடத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். "கண்ணைச் சுத்தமான உப்பு நீர் விட்டுக் கழுவி, கால் மணி கழித்து எடும்மா" என்றேன். கழுவிய படத்தில் திட்டு 1.4 மில்லிமீட்டர். இழை இழையாக இருந்த ஓரம் மழுங்கி உருண்டிருந்தது. பூஞ்சைப் புண் ஆறத் தொடங்குவதற்கு அதுதான் முதல் அடையாளம்.

படத்தால் ஆகாததும் ஒன்று இருக்கிறது. புண்ணா சதையா என்பதை நல்ல படம் சொல்லிவிடும். எந்தக் கிருமி என்பதைச் சொல்லாது. இழை ஓரமும் துணைப் புள்ளியும் பூஞ்சையின் பக்கம் கை காட்டுகின்றன, அவ்வளவுதான். கருவிழி நிபுணர்களிடமே படத்தை மட்டும் கொடுத்துப் பூஞ்சையா பாக்டீரியாவா என்று கேட்ட ஆய்வில், மூன்றில் இரண்டு முறைதான் சரியாகச் சொன்னார்கள். ஸ்டீராய்டு விட்ட கண்ணில் அந்த அடையாளங்களும் மாறிப்போகும். அதனால் படத்தைப் பார்த்து மருந்து எழுதுவதில்லை, பஸ் ஏற்றுகிறோம். இங்கே ஒரு ராத்திரி வீணானது. பூஞ்சை மெதுவாக நகர்வதால் அது பொறுத்துக்கொண்டது. சூடோமோனாஸ் மாதிரி பாக்டீரியாவாக இருந்திருந்தால், ஒன்றிரண்டு நாளிலேயே கருவிழி கரைந்திருக்கும். அதை நினைத்தால் இன்னமும் எனக்கு மனம் ஆறவில்லை.

மலையில் இன்னொரு சொல்லும் நம்மைத் தடுமாற வைக்கிறது. கண்ணில் எந்த வெள்ளை தெரிந்தாலும் "பூ விழுந்திருக்கு" என்பார்கள். ஆறிப்போன தழும்பும் பூ, நேற்று வந்த புண்ணும் பூ. கண்ணில் சிவப்பு இல்லாமல், ஓரம் தெளிவாக, சாயம் பிடிக்காமல் இருந்தால் அது பழைய தழும்பு. "எத்தனை நாளா?" என்ற கேள்விக்கு "சின்ன வயசுல இருந்து" என்ற பதில் வந்தால் பெரும்பாலும் நிம்மதி. "போன வாரம்" என்று வந்தால் அன்றைக்கே அனுப்பிவிட வேண்டும்.

ஐந்தாவது வாரம் புண் மூடிவிட்டது, சாயம் பிடிக்கவில்லை. கண் பாப்பாவின் ஓரத்தைத் தொட்டு ஒரு மெல்லிய வெள்ளைத் தழும்பு நின்றுவிட்டது. பார்வை கண்ணாடியோடு 6/12. பழைய 6/9 திரும்பவில்லை. சதையை இப்போதே எடுத்துவிடலாமா என்று கேட்டார். இரண்டும் சேர்ந்து கண்ணைக் கெடுத்தது என்று அவர் நினைத்திருந்தார். சதைக்கும் புண்ணுக்கும் தொடர்பில்லை, குச்சிதான் காரணம், கண் முழுக்க அமைதியான பிறகு ஆறு மாதம் கழித்துப் பார்ப்போம் என்று சொல்லி அனுப்பினேன்.

சென்ற மாதம் கடைசிப் படம் வந்தது. பக்க வெளிச்சம், பிளாஷ் இல்லை. மூலையிலிருந்து நுனிவரை நேராக ஓடும் குழாய்களோடு சதை, அதே இரண்டரை மில்லிமீட்டர். அரை மில்லிமீட்டர் இடைவெளி. அப்புறம் தழும்பு. கீழே அந்தப் பெண் எழுதியிருந்தார்: "கவாத்துக்கு கண்ணாடி போட்டுட்டுப் போறாரு சார். வலது பக்கக் கண்ணாடியில ரெண்டு கீறல் விழுந்திருக்கு."